ரப்பர் சாரின் அடிக்குறிப்பு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஒற்றை இஸ்திரிப் பெட்டியில் ஆரம்பித்து, நாற்பத்திரண்டு பேர் வேலை செய்யும் சலவை ஆலையைக் கட்டி நிறுத்தியவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்? எங்கள் ஊரில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரி, ஒன்பது விடுதி. அங்கே யார் படுத்தாலும் நான் வெளுத்துக் கொடுத்த விரிப்பின் மேல்தான் படுக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூவாயிரம் விரிப்பு. அதில் ஒன்றில் கறை இருக்கிறது என்று காட்டுங்கள் பார்க்கலாம்.

எழுத்து எனக்குக் கொஞ்சம் நிதானமாகத்தான் வரும். எண் அப்படி இல்லை. பத்து எண்ணை வரிசையாக எழுதிக் காட்டினால், நீங்கள் பேனாவை மூடுவதற்குள் கூட்டிச் சொல்லிவிடுவேன். மெஷின் விற்க வந்த பெரிய படிப்புக்காரர்கள் எத்தனை பேர் என் முன்னால் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அப்படிப்பட்ட என் மேஜை மேல் ஒன்பது வருடம் ஒரு தாள் வந்து போனது. அதில் இருந்த தப்பு என் கண்ணில் படவில்லை. கண்டுபிடித்தவர் எங்கள் கணக்கர். இது அவருடைய கதை.

ஆலையில் அவருக்குப் பெயர் ரப்பர் சார். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். அழிப்பார், மறுபடி எழுதுவார், மறுபடி அழிப்பார். சாயங்காலம் அவர் எழுந்து போன பிறகு மேஜை மேல் ரப்பர் துகள் ஒரு பிடி இருக்கும். அதையும் தாளில் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் போவார். மூடிப்போன ஒரு துணி மில்லில் இருந்து என்னிடம் வந்தவர். இருபத்திரண்டு வருடம் இருந்தார்.

அவருடைய அறை நீராவிக் கூடத்துக்குப் பின்னால். கண்ணாடிச் சன்னல் நாள் முழுக்கப் புகை படிந்த மாதிரி வியர்த்திருக்கும். அதில் கைக்குட்டையால் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாகத் துடைத்து வைத்துக்கொள்வார். அந்த வட்டத்தின் வழியாகத்தான் எங்களைப் பார்ப்பார். நாங்களும் அந்த வட்டத்தில்தான் அவரைப் பார்ப்போம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். கூப்பிட்டால் வரமாட்டார் என்று கூப்பிடுவதை எப்போதோ நிறுத்திவிட்டோம். உண்மையில் யாராவது ஒரு தடவையாவது கூப்பிட்டோமா என்று இப்போது யோசித்தால் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். சலவை ஆலையில் வேலை செய்துகொண்டு தன் சட்டையை வீட்டில் கையால் துவைத்துப் போட்டு வருவார். இஸ்திரி மேஜைப் பெண்கள் விடமாட்டார்கள்.

"ரப்பர் சார், காலர் இப்படி மடங்கிக் கிடக்கே. கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷம்."

"கம்பெனி நீராவிம்மா. அதுக்குக் கணக்கு எழுதணும்."

"ஒரு காலருக்கா?"

"ஒரு காலர்னா எந்தத் தலைப்புல எழுதறதுன்னு தெரியாது. அதான் கஷ்டம்."

அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் சிரித்தாரா என்று தெரியாது. அதற்குள் வட்டம் மூடிக்கொண்டிருக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓர் அக்காவோடு இருந்தார். அந்த அக்கா இறந்தபோது அரை நாள் லீவு எழுதினார், காரணம் 'சொந்த வேலை'. மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதுவும் ஒரு லாரிக்காரர் சொல்லி.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். ஆலையில் பங்காளிகள் மூன்று பேர். நான், என் மச்சான், மெக்கானிக். மச்சான் என் மனைவியின் தம்பி. வண்டி, வசூல், விடுதி மேனேஜர்களோடு பேச்சுவார்த்தை எல்லாம் அவன் பாடு. மெக்கானிக் என் சிநேகிதன். பழைய இரும்பு விற்கிற இடத்தில் இருந்து முதல் டிரம் மெஷினைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்து ஓட வைத்தவன். மூன்று பேருக்கும் சம பங்கு. வருடா வருடம் லாபத்தில் ஐந்தில் ஒரு பாகத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே நிறுத்துவோம். பாய்லர் மாற்ற, டிரம் மாற்ற. அதைப் பொது நிதி என்போம். பங்கு சமம் என்பதால் அந்தப் பிடித்தமும் ஆளுக்குச் சமம். எல்லாம் ஒழுங்கு.

பிறகு மெக்கானிக் போய்விட்டான். நெஞ்சுவலி, ஒரே நாள். அவன் இடத்தில் அவன் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, பங்காளியானாள். அதே வருடம் நான் என் நிலத்தை விற்றுப் பெரிய மெஷின் இரண்டு வாங்கிப் போட்டேன். ஆகவே ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதினோம். எனக்கு நூற்றுக்கு ஐம்பது, மச்சானுக்கு முப்பது, அந்தத் தங்கச்சிக்கு இருபது. எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதுதான். யாரையும் மிரட்டவில்லை.

வருடக் கடைசியில், எனக்கும் மச்சானுக்கும் உள்ள சம்பளம் உட்பட எல்லாச் செலவும் போக நின்ற லாபத்தை ரப்பர் சார் ஒரே தாளில் எழுதிக் கொண்டு வருவார். பங்குத்தாள். மேலே லாபம். அதற்குக் கீழே நிறுத்திய தொகை. அதற்குக் கீழே மீதி. கடைசியில் மூன்று வரி, ஆளுக்கு ஒரு வரி, வாங்கிக்கொள்ள வேண்டிய தொகை. அவ்வளவுதான். "எழுத்து பெரிசா, விஷயம் சின்னதா இருக்கணும்" என்பது என் உத்தரவு. வரி கட்டுகிற கணக்கைப் பார்ப்பவர் வேறு ஆள். அவர் மொத்தத்தைப் பார்ப்பார்; எங்களுக்குள் பிரித்துக்கொள்வது எங்கள் பாடு என்று விட்டுவிடுவார்.

போன வருடம் தாளைக் கொடுத்தபோது தங்கச்சி அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தாள்ல நான் எங்க இருக்கேன்?"

"இதோ, கடைசி வரி. உன் தொகை."

"அது நான் வாங்கிட்டுப் போறது. நான் எங்க இருக்கேன்னு கேட்டேன். நிறுத்தி வெச்சிருக்கீங்களே, அதுல என்னுது எவ்வளவு? அவர் இருந்தப்போ அவர் கையில எண்ணெய்க் கறை இருக்கும், அதைப் பார்த்தா எங்களுக்கும் இங்க ஏதோ இருக்குன்னு தெரியும். இப்ப எனக்கு வருஷத்துக்கு ஒரு தாள். அதுலயும் ஒரு வரி."

மச்சான் சிரித்தான். "தங்கச்சி, பாய்லர் நிக்குது பாருங்க. போய்க் கட்டிப் பிடிச்சுக்கோங்க. அதுல அஞ்சுல ஒரு பாகம் உங்களுது. சூடு மட்டும் பார்த்துக்கோங்க."

நானும் சிரித்தேன். அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மூலையில் நின்ற ரப்பர் சார் சிரிக்கவில்லை.

இந்த வருடம் ஆரம்பத்திலேயே அவளிடம் இருந்து போன் வந்தது. வேறு ஊரில் மகளோடு போய் இருக்கப் போகிறாள். பங்கை நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். வருடக் கணக்கு முடிந்து பங்குத்தாள் தருகிற சனிக்கிழமையே எல்லாவற்றையும் தீர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். விலகுகிறவருக்கு அவர் போட்ட முதலும், பொது நிதியில் அவருடைய நூற்றுக்கு இருபதும் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு பேச்சு இல்லை.

"பாவம், அலைச்சல் மிச்சம்" என்றேன் ரப்பர் சாரிடம். "தாளை மட்டும் நேரத்தோட குடுத்துடுங்க."

"இந்தத் தடவை கொஞ்சம் மாத்திப் போடறேன் முதலாளி. அந்தம்மா கேட்டது நியாயமான கேள்வி."

"என்னவோ பண்ணுங்க. ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது."

முதல் நகல் வந்தது. எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பினேன். இரண்டாவதில் மூன்று பேருக்கும் மூன்று தனிக் கட்டம். லாபம் மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப வந்தது. "எனக்குத் தலை சுத்துது சாரே" என்றேன். மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் நிறுத்திய தொகை அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. கைக்கு வருகிற தொகை முதலில், அதைக் குறைத்த காரணம் பிறகு என்றால் யாருக்குப் புரியும்? நானே சொன்னேன்: "வந்தது மேல, பிடிச்சது நடுவுல, குடுத்தது கீழ. துணி வர்ற மாதிரி. அழுக்கு, சலவை, டெலிவரி." ரப்பர் சார் தலையை ஆட்டினார். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

நான்காவது நகலை அவர் அனுப்பவில்லை. அவரே எடுத்துக்கொண்டு வந்தார். என் அறைக்கு அவர் தானாக வந்தது அதுவரை நாலைந்து தடவை இருக்கும். கதவைச் சாத்தினார்.

"உட்காருங்க."

உட்காரவில்லை. தாளை என் முன் வைத்துப் பென்சில் முனையால் காட்டினார். நிஜமாகவே அழகான தாள். இடது பக்கம் தலைப்புகள், வலது பக்கம் மூன்று பத்தி, ஆளுக்கு ஒன்று, நான்காவது மொத்தம். லாபம் முப்பது லட்சம். அதன் வரிசையில் பதினைந்து, ஒன்பது, ஆறு. ஐம்பது, முப்பது, இருபது, சரி. நிறுத்தியது ஆறு லட்சம். அதன் வரிசையில் இரண்டு, இரண்டு, இரண்டு. கடைசி வரிசையில் பதிமூன்று, ஏழு, நான்கு. மொத்தம் இருபத்து நான்கு.

நான் கூட்டினேன். சரியாகத்தான் வந்தது.

"கூட்டல் சரி முதலாளி. குறுக்கால பாருங்க."

பதினைந்து, ஒன்பது, ஆறு. அதற்குக் கீழே இரண்டு, இரண்டு, இரண்டு.

எண் விஷயத்தில் எனக்கு யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியது இல்லை. ஆறு லட்சத்தில் எனக்குப் பிடிக்க வேண்டியது மூன்று. பிடித்தது இரண்டு. தங்கச்சிக்குப் பிடிக்க வேண்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம். பிடித்தது அவளுக்கும் இரண்டு. பங்கு மாறியது. பிடித்தம் மாறவில்லை. பொது நிதிக்கு வருடா வருடம் அவள் மூன்றில் ஒரு பாகம் போட்டிருக்கிறாள். விலகும்போது பொது நிதியில் ஐந்தில் ஒரு பாகம்தான் வாங்கிக்கொண்டு போவாள். நடுவில் உள்ளது என் பக்கம் நிற்கும்.

"இது இந்த வருஷத்துக்கா?"

"பழையபடி போட்டா இப்படித்தான் வரும். போன ஒன்பது வருஷமும் இப்படித்தான் குடுத்திருக்கோம். பழைய தாள்ல பிடித்தம் மொத்தமா ஒரே வரி. அதனால தெரியல." மடித்து வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்தார். "ஒன்பது வருஷத்துல நிறுத்தினது முப்பத்தெட்டு லட்சத்து நாற்பத்து மூவாயிரம். அதுல உங்களுக்குக் கூடுதலா வந்தது ஆறு லட்சத்து நாற்பதாயிரத்து ஐந்நூறு. உங்க மச்சானுக்குக் குறைஞ்சது ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து நூறு. அந்தம்மாவுக்குக் குறைஞ்சது அஞ்சு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்பது வருடத் தொழிலில் அடுத்தவன் காசில் ஒரு பைசா தொட்டவன் இல்லை நான். விரிப்புக்குள் சுருண்டு வந்த மோதிரத்தைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தவன்.

"என்னைத் திருடன்னு சொல்றீங்களா?"

"இல்ல முதலாளி. தாள் தப்புன்னு சொல்றேன்."

"தாளை யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப இத்தனை வருஷம் தூங்கிட்டிருந்தீங்களா?"

அவர் தணிந்த குரலில் சொன்னார்: "புது ஒப்பந்தம் போட்ட வருஷம் வந்து கேட்டேன். பிடித்தத்தை எப்படிப் பிரிக்கறதுன்னு. பழையபடியே போடுங்கன்னீங்க. நீங்க அப்ப மெஷின் இறக்கற இடத்துல நின்னுட்டிருந்தீங்க."

ஞாபகம் வந்தது. கிரேன் கயிறு முறுக்கிக்கொண்டது, நான் கத்திக்கொண்டிருந்தேன், இவர் தாளோடு பின்னால் நின்றார். 'பழையபடியே, பழையபடியே, போங்க' என்றேன். எனக்கு ஆதாயம் என்று யோசித்துச் சொன்னது இல்லை. எதையுமே யோசித்துச் சொன்னது இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தாளில் என் எண்ணை மட்டும் பார்த்தேன். என் எண் நன்றாக இருந்தது.

"சனிக்கிழமை பழைய மாதிரித் தாளைக் குடுங்க" என்றேன். "அவ போகட்டும். நான் அப்புறமா ஏதாவது செஞ்சு குடுத்துக்கறேன். மகளுக்கு நகை மாதிரி."

"கையெழுத்துப் போட்டப்புறம் நீங்க குடுக்கறது தர்மம் முதலாளி. இப்ப குடுத்தா அவங்க பங்கு." தாளை எடுத்துக்கொண்டார். "பழைய மாதிரி இனிமே நான் எழுதல. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் 'மாட்டேன்' என்ற மாதிரி சொன்னது அதுதான் முதல் தடவை. கதவைச் சத்தம் இல்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போனேன். பெரிய வீடு. என் மனைவி போய் ஆறு வருடம். மகன் வேறு நாட்டில். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். வரவேற்பு அறையில் பன்னிரண்டு பேர் உட்காரலாம். நான் எப்போதும் ஒரே மூலையில் உட்காருவேன், அந்த இடத்தில் மட்டும் மெத்தை அமுங்கியிருக்கும். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் எனக்குப் பெரிய பணம் இல்லை. பணம் இல்லை விஷயம். மச்சான் முன்னால், மெக்கானிக்கின் மனைவி முன்னால், 'இவர்தான் இப்படிப் போடச் சொன்னார்' என்று ஆகிவிடும். எண்ணில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான். மெக்கானிக் இருந்திருந்தால், 'என்னடா, உன் கண்ணுக்கு இதுவா தெரியல?' என்று கேட்டுச் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்திருப்பேன். இப்போது அப்படிக் கேட்க யாரும் இல்லை.

மறுநாள் நானே அவர் அறைக்குப் போனேன். அங்கே இரண்டாவது நாற்காலி இல்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"திருத்திப் போடுங்க. ஒன்பது வருஷத்துக்கும். என் பங்குல கழிச்சுக்குங்க."

"சரி முதலாளி."

"ஆனா யார் சொல்லி இப்படி ஆச்சுன்னு தாள்ல வரக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் மூடிக்கொண்டு வந்த வட்டத்தைப் பார்த்தார். "ஏதாவது ஒரு காரணம் எழுதணுமே. திருத்தம்னு ஒரு வரி வந்தா, ஏன்னு கேப்பாங்க."

"நீங்களே பார்த்து எழுதுங்க."

சனிக்கிழமை மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ரப்பர் சார் ஆளுக்கு ஒரு தாள் வைத்தார். இந்தத் தடவை வரிசைகள் இப்படி இருந்தன: லாபத்தில் பங்கு, பதினைந்து, ஒன்பது, ஆறு. தொழிலில் நிறுத்தியது, மூன்று லட்சம், ஒரு லட்சத்து எண்பதாயிரம், ஒரு லட்சத்து இருபதாயிரம். முந்தைய ஆண்டுகளின் திருத்தம், எனக்குக் கழித்தல், மற்ற இருவருக்கும் கூட்டல், மொத்தப் பத்தியில் சுழியம். கையில் தருவது: எனக்கு 5,59,500. மச்சானுக்கு 8,48,100. தங்கச்சிக்கு 9,92,400. மொத்தம் அதே இருபத்து நான்கு லட்சம். அதற்கும் கீழே, இதுவரை பொது நிதியில் ஒவ்வொருவருக்கும் உள்ளது. தங்கச்சிக்கு நேரே 8,88,600.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில்: 'முந்தைய ஒன்பது தாள்களில் நிறுத்திய தொகை பங்கு விகிதப்படி பிரிக்கப்படவில்லை. இது கணக்கு எழுதியவரின் பிழை.'

மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அடேங்கப்பா! என்ன ரப்பர் சார், ஒன்பது வருஷமா? எல்லாத்தையும் அழிச்சு அழிச்சு எழுதுவீங்களே, இதை மட்டும் அழிக்க மறந்துட்டீங்களா?"

"ஆமாங்க. தப்புதான்."

"ஒரு லட்சத்துச் சொச்சம் எனக்கே போயிருக்கு! வேற கம்பெனியா இருந்தா போலீஸ்ல குடுத்திருப்பாங்க. அத்தான் நல்லவர், தன் பங்குல இருந்து எடுத்துக் குடுக்கறார். அக்கா இருந்திருந்தா இதுக்கே சுத்திப் போட்டிருக்கும்."

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். தொண்டை வரை வந்தது. தண்ணீர் குடித்தேன். அது கீழே போய்விட்டது.

ரப்பர் சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

தங்கச்சி இதை எதையும் கவனிக்கவில்லை. விரலைத் தன் பத்தியின் தலையில் வைத்து, ஒவ்வொரு வரியாக மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் விரல் நின்றது.

"இதுதான் நானா?" என்றாள் ரப்பர் சாரிடம்.

"ஆமாங்க. மேல இருந்து கீழ வரைக்கும்."

"இப்பத் தெரியுதுங்க. போன வருஷம் கேட்டதை மறக்காம செஞ்சிருக்கீங்க." தாளைத் திரும்பவும் ஒரு தடவை விரலால் தடவினாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போகிறவள் போகத்தான் செய்தாள். ஆனால் இந்தத் தடவை தாளை மடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

மாதக் கடைசியில் ரப்பர் சார் வேலையை விட்டு நின்றுகொண்டார். "வயசாச்சு முதலாளி, கண்ணு சரியில்ல" என்றார். ஆலை முழுக்க 'ஒன்பது வருஷத் தப்பு' என்று பேச்சு பரவியிருந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் கூட அவர் அறையைத் தாண்டும்போது 'பத்திரம், கூட்டிப் பாருங்க' என்று கூவினார்கள். மச்சான் கிளப்பிவிட்டது. இஸ்திரி மேஜைப் பெண்கள் மட்டும் அவர் போகிற அன்று ஒரு புதுச் சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள். "எந்தத் தலைப்புல எழுதறது?" என்று கேட்டாராம். ஒருத்தி அழுதுவிட்டாள் என்றார்கள்.

அவர் போன பிறகு சன்னலைத் துடைக்க ஆள் இல்லை. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. நான் கூடத்தில் நடக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருடம் என்னை ஒருவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, பார்ப்பது நின்ற பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் அந்த அறைக்குள் போய்ப் பங்குத்தாள் கோப்பை எடுத்தேன். புது ஒப்பந்தம் போட்ட வருடத்துத் தாளோடு ஒரு துண்டுச் சீட்டு குண்டூசியில் குத்தியிருந்தது. வெறும் சீட்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பென்சில் அழுத்தம் இருந்தது, எழுத்து இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். தேதி. பிறகு, 'பிடித்தம் பழையபடி. முதலாளி வாய்மொழி.'

ஒன்பது வருடம் இந்தச் சீட்டு அவர் கையில் இருந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமை எடுத்து மேஜையில் வைத்திருந்தால் போதும். மச்சானின் வாய் மூடியிருக்கும். அவர் ரப்பரை எடுத்திருக்கிறார்.

அன்றைக்கே புதிதாக வந்த கணக்குப் பெண்ணைக் கூப்பிட்டு அந்தச் சனிக்கிழமை கொடுத்த தாளைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். எண் ஒன்றையும் தொடவில்லை. அடிக்குறிப்பு இருந்த இடத்தை மட்டும் காலியாக விடச் சொன்னேன். அதை நானே எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. மூன்று பிரதியிலும் எழுதினேன். ஒன்று மச்சானுக்கு. அதைப் படித்துவிட்டு, "இப்ப எதுக்கு அத்தான் இதெல்லாம்?" என்றவன் அப்புறம் பத்து நாள் என் அறைப் பக்கம் வரவில்லை. ஒன்று தங்கச்சிக்குத் தபாலில். மூன்றாவதை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மாடியில் ஒற்றை அறை. கதவு திறந்துதான் இருந்தது. கொடியில் இரண்டு சட்டை காய்ந்தன. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜை மேல் மூடாத சாப்பாட்டு டப்பா, சுவரைப் பார்த்து வைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை எனக்குத் திருப்பிப் போட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

தாளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்து பென்சில் வந்தது. மேலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். கீழே, பிறகு குறுக்கே. நான் காத்திருந்தேன். யாருக்காகவும் இவ்வளவு நேரம் நான் காத்திருந்தது இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு முதலாளி."

"கீழ எழுதியிருக்கறதைப் படிங்க."

என் எழுத்தைப் படிப்பது சுலபம் இல்லை. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். 'நிறுத்திய தொகையைச் சமமாகப் பிடிக்கச் சொன்னது நான். கணக்கர் அப்போதே கேட்டார். பிழை என்னுடையது.' அதற்குக் கீழே என் கையெழுத்து.

எழுத்தின் மேல் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பேனால எழுதிட்டீங்களே" என்றார்.

"ஆமா."

"அழிக்க வராதே."

"அதுக்குத்தான்."

தலையை ஆட்டினார். தாளை மேஜை மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ரப்பரை வைத்தார். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். "வேண்டாம் முதலாளி" என்றார். கோபமாக இல்லை. அதற்குப் பிறகு பேச எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் எண்ணைத் தவிர வேறு எதையும் பேசிப் பழகவில்லை. கொஞ்ச நேரம் கொடியில் ஆடிய சட்டைகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எழுந்து வரும்போது, "அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வாங்க" என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாற்காலி வாங்கி வைக்கறேன்" என்றார்.